ஸ்டெனோ ஸ்கில் டெஸ்டில் பிழையை எப்படி எண்ணுகிறார்கள்?

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். இங்கே சிங்கப்பூரில், எஸ் பாஸ் வேலை அனுமதியில், ஊபி வட்டாரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஊரில் இருந்தபோது ஆங்கில ஷார்ட்ஹேண்ட் ஜூனியர் பாஸ் செய்தேன். மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையமான எஸ்எஸ்சி நடத்தும் ஸ்டெனோகிராபர் கிரேடு டி கணினித் தேர்வில் தேறிவிட்டேன், ஸ்கில் டெஸ்ட் பாக்கி. பொதுப்பிரிவு. டைப்பிங் நிமிடத்துக்கு 50 சொல் வருகிறது, ஆனால் என் நோட்டை எனக்கே படிக்க முடிவதில்லை. பிழையை எப்படி எண்ணுகிறார்கள்? புரியாத இடத்தை விட்டுவிடலாமா, ஊகித்து அடிக்கலாமா? ஸ்பெல்லிங் தப்பு முழுப் பிழை என்று தோழி சொல்கிறாள், உண்மையா? வேகத்தை 100க்கு ஏற்றினால்தான் தேறுவேனா? வீட்டில் எழுதிய ஒரு பயிற்சித் தாளையும் நோட்டின் படத்தையும் இணைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: தாளோடு நோட்டின் படத்தையும் அனுப்பியது மிக நல்லதாகப் போயிற்று. அடித்த தாளை மட்டும் பார்த்தால் எத்தனை பிழை என்றுதான் தெரியும். நோட்டும் இருந்தால்தான் பிழை எங்கே பிறந்தது, பேனாவிலா கண்ணிலா என்று சொல்ல முடியும். இரண்டையும் மூலப் பத்தியோடு வைத்துச் சொல் சொல்லாகத் திருத்திவிட்டேன். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது தெளிந்தால் மற்றவை எளிது. வேகத்தை 100க்கு ஏற்ற வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. உங்கள் பிழைகளில் பெரும்பகுதி டிக்டேஷன் நடக்கும் 10 நிமிடத்தில் வந்தவை அல்ல. அதற்குப் பிறகு கணினி முன் உட்காரும் 50 நிமிடத்தில் வந்தவை.

தேர்வின் அளவுகளை ஒருமுறை பாருங்கள். கிரேடு டி-க்கு நிமிடத்துக்கு 80 சொல் வேகத்தில் 10 நிமிடம் வாசிப்பார்கள், ஆக 800 சொல். அதை ஆங்கிலத்தில் அடித்து முடிக்க 50 நிமிடம். கிரேடு சி-க்கு வேகம் 100, பத்தி 1000 சொல், அடிக்க 40 நிமிடம். 800 சொல்லை 50 நிமிடத்தில் அடிப்பதென்றால் நிமிடத்துக்கு 16 சொல்தான் ஆகிறது. நீங்கள் 50 சொல் அடிப்பவர், நோட்டு தெளிவாக இருந்தால் கால் மணி நேரத்தில் முடித்துவிடுவீர்கள். அப்படியிருக்க 50 நிமிடம் தருவது ஏன்? ஷார்ட்ஹேண்ட் நோட்டைப் படிப்பதுதான் அங்கே உண்மையான வேலை, விசைப்பலகை வெறும் கருவி. அலுவலகத்தில் வேகமாக அடித்துப் பழகிய பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கை ஓடுகிற வேகத்தில் கண் நோட்டைத் தாண்டிப் போய்விடுகிறது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஸ்கில் டெஸ்ட் தகுதி காண மட்டுமே. தரவரிசை உங்கள் கணினித் தேர்வு மதிப்பெண்ணில்தான் வரும். பிழை விகிதம் எல்லைக்குள் இருந்தால் போதும், இரண்டு சதவீதத்தில் முடித்தவருக்கும் ஆறு சதவீதத்தில் முடித்தவருக்கும் இதில் வேறுபாடு இல்லை. அதனால் அழகான தாளுக்கு ஆசைப்படாதீர்கள். எந்தப் பிழை எத்தனை எடை என்று தெரிந்துகொண்டு, எடை மிகுந்ததை முதலில் களைய வேண்டும்.

முழுப் பிழை என்பது மூன்று. பத்தியில் இருந்த சொல் தாளில் இல்லை என்றால் ஒன்று. தொடர்ந்து பத்துச் சொல் விட்டுப்போனால் அது பத்துப் பிழை, ஓர் இடைவெளிதானே என்று ஒன்றாக எண்ணமாட்டார்கள். ஒரு சொல்லுக்குப் பதில் வேறு சொல் இருந்தால் ஒன்று. பத்தியில் இல்லாத சொல் தாளில் இருந்தால் ஒன்று. எண்களுக்கும் இதே கணக்குதான். அரைப் பிழை என்பது எழுத்துப்பிழை, ஒருமைக்குப் பன்மையோ பன்மைக்கு ஒருமையோ அடிப்பது, வாக்கியத் தொடக்கத்தில் பெரிய எழுத்துத் தவறுவது போன்றவை. முழுப் பிழைகளோடு அரைப் பிழைகளின் பாதியைக் கூட்டி, பத்தியின் மொத்தச் சொற்களால் வகுத்தால் சதவீதம் வந்துவிடும்.

உங்கள் தோழி பொய் சொல்லவில்லை, வேறொரு தேர்வின் விதியைச் சொல்லியிருக்கிறார். எஸ்எஸ்சி-யின் சிஎச்எஸ்எல் தேர்வில் இளநிலை எழுத்தர் பதவிக்கு டைப்பிங் டெஸ்ட் உண்டு. கொடுத்த பத்தியைக் கண்ணால் பார்த்து 10 நிமிடம் அடிப்பது. ஆங்கிலத்துக்கு நிமிடத்துக்கு 35 சொல், அதாவது மணிக்கு 10,500 விசை அழுத்தம் என்பது அதன் அளவு. அங்கே எழுத்துப்பிழை முழுப் பிழைதான். சொல்லிடைவெளி, நிறுத்தக்குறி, பெரிய எழுத்துத் தவறுகள் அரைப் பிழை. கண்முன் இருக்கும் சொல்லைத் தப்பாக அடிப்பதற்கு அங்கே சலுகை இல்லை. காதால் கேட்ட சொல்லை அடையாளம் கண்டு எழுதுவதுதான் ஸ்டெனோ தேர்வில் சோதிக்கப்படுகிறது என்பதால், சொல் சரியாக இருந்து எழுத்து மட்டும் பிசகினால் பாதியோடு விடுகிறார்கள். இரண்டு தேர்வுக்கும் ஒரே நேரத்தில் பயிற்சி எடுக்கும் பிள்ளைகள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஸ்டெனோ தாளில் ஒரு சொல்லின் எழுத்துக்கூட்டலை யோசித்தே இரண்டு நிமிடத்தைத் தொலைப்பதைப் பார்க்கிறேன். அந்த இரண்டு நிமிடத்தில் விட்டுப்போன நாலு சொல்லை மீட்டிருக்கலாம்.

இனி உங்கள் தாள். பத்தி சரியாக 800 சொல். ஐந்தாம் நிமிடத்தில் 19 சொல் வெற்றிடம், எட்டாம் நிமிடத்தில் 9 சொல் வெற்றிடம். அங்கங்கே உதிர்ந்த சின்னச் சொற்கள் 14. ஒன்றுக்குப் பதில் ஒன்று அடித்தவை 11. இல்லாததைச் சேர்த்தவை 5. ஆக முழுப் பிழை 58. அரைப் பிழையில் எழுத்துக்கூட்டல் 8, ஒருமை பன்மை 13, பெரிய எழுத்து 3. மொத்தம் 24, அதில் பாதி 12. கூட்டினால் 70. அதை 800-ஆல் வகுத்தால் 8.75 சதவீதம்.

எத்தனை சதவீதம் வரை ஏற்பது என்பதை ஆணையம் பிரிவுவாரியாக வகுக்கிறது. பொதுப்பிரிவினர் 7 சதவீதத்தை எல்லையாக வைத்துக்கொண்டு பயிற்சி செய்ய வேண்டும் என்பேன். 800 சொல்லில் 7 சதவீதம் 56 பிழை. நீங்கள் 14 பிழை அதிகம் செய்திருக்கிறீர்கள். மலைக்க வேண்டாம், இந்தப் பதினான்கும் இதே நோட்டிலிருந்து, ஒரு சொல் கூடுதலாக எழுதாமலே குறையக் கூடியவை. எப்படி என்று காட்டுகிறேன்.

அந்த 19 சொல் வெற்றிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டில் பார்த்தால் அந்த இடத்தில் பத்து அவுட்லைன், அதாவது பத்துச் சொல்லுக்கான ஷார்ட்ஹேண்ட் வடிவம், இருக்கிறது, படிக்கிற மாதிரியும் இருக்கிறது. வாக்கியம் முழுதாக ஓடவில்லை என்பதற்காக மொத்தத்தையும் விட்டுவிட்டீர்கள். இதைச் செய்யவே கூடாது. திருத்துபவர் உங்கள் வாக்கியத்துக்குப் பொருள் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை, மூலத்தில் இருக்கும் சொல் உங்கள் தாளில் அந்த வரிசையில் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார். தெரிந்த பத்துச் சொல்லை முன்பின் தொடர்பில்லாமல் அடித்திருந்தாலும் 19 பிழை 9 ஆகியிருக்கும். 70 இப்போது 60.

சின்னச் சொற்களுக்கு வருவோம். 'தி', 'ஆஃப்', 'ஹேஸ்', 'பீன்', 'டு' இவைதான் பதினான்கும். இதில் ஆறு நோட்டிலேயே இல்லை. மீதி எட்டும் நோட்டில் இருக்கின்றன. சில தனியாக, சில தொடராகச் சேர்த்தெழுதிய ஃப்ரேஸுக்குள் ஒரு சிறு கொக்கியாக. அடிக்கும்போது பெரிய சொல்லையே கண் தேடியதால் கொக்கி தப்பிவிட்டது. 'தி' ஒன்றை விடுவதும் 'கவர்ன்மென்ட்' என்ற சொல்லை விடுவதும் எடையில் ஒன்றே, இரண்டும் முழுப் பிழை. இந்த எட்டையும் மீட்டால் 52.

ஒருமை பன்மைக்கு 13 அரைப் பிழை. நீங்கள் எழுதும் பிட்மன் ஷார்ட்ஹேண்ட் முறையில் சொல்லின் இறுதியில் வரும் 'எஸ்' ஒலி ஒரு சின்ன வட்டம். வேகத்தில் அந்த வட்டம் நசுங்கிப் புள்ளியாகிறது, அல்லது கோட்டோடு கலந்துவிடுகிறது. உங்கள் நோட்டில் பெரும்பாலும் நசுங்கித்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பதின்மூன்றில் ஆறு இடத்தில் பின்னால் வரும் வினைச்சொல்லே பதிலைச் சொல்லிவிடுகிறது. 'ஆர்' என்று வந்தால் எழுவாய் பன்மை, 'ஹேஸ்' என்று வந்தால் ஒருமை. இலக்கணத்தை வைத்துச் சரிபார்த்தால் ஆறு அரைப் பிழை, அதாவது மூன்று, குறைகிறது. 49 ஆயிற்று. 800-இல் அது 6.125 சதவீதம், எல்லைக்குள் வந்துவிட்டீர்கள். பேனா இன்னும் ஒரு சொல்லும் கூடுதலாக எழுதவில்லை.

உங்கள் எழுபதில் வேகக் குறையால் வந்தது எத்தனை என்றும் எண்ணிப் பார்த்தேன். முதல் வெற்றிடத்தில் நோட்டில் ஏறாத 9, இரண்டாவதில் 9, சின்னச் சொற்களில் 6. ஆக 24. மீதி 46 படிப்பதிலும் சரிபார்ப்பதிலும் வந்தவை. 100 வேகத்துக்குப் பயிற்சி எடுத்தால் அந்த 24 குறையலாம், ஆனால் அவசரத்தில் அவுட்லைன் மேலும் சிதைந்து 46 கூடிவிடும். அதனால்தான் வேண்டாம் என்கிறேன். கைக்கு ஓர் இலகு வர வேண்டும் என்றால் வாரத்தில் ஓரிரு முறை இரண்டிரண்டு நிமிடத் துண்டுகளாக 90-இல் எழுதுங்கள். முழுப் பத்து நிமிடப் பயிற்சி எப்போதும் 80-இல்தான்.

ஊகிக்கலாமா என்று கேட்டீர்கள். அந்த இடத்தில் ஒரு சொல் இருந்தது உறுதி, எந்தச் சொல் என்றுதான் தெரியவில்லை என்றால், கட்டாயம் ஊகித்து அடியுங்கள். வெற்றிடம் விட்டால் ஒரு முழுப் பிழை நிச்சயம். ஊகம் தப்பினாலும் அதே ஒரு முழுப் பிழைதான். ஊகம் பலித்தால் பிழையே இல்லை, பன்மையில் மட்டும் தப்பினால் அரை. இழக்க ஒன்றும் இல்லாத இடம் அது. ஆனால் அங்கே சொல்லே இருந்ததா என்பது ஐயமாக இருந்தால் சேர்க்காதீர்கள், இல்லாத சொல்லைச் சேர்த்தால் அதுவே ஒரு முழுப் பிழை. உங்கள் தாளில் கூடுதலாக வந்த ஐந்தும் இப்படித்தான் வந்தன. வாக்கியம் அழகாக ஓடட்டும் என்று 'தி' போட்டிருக்கிறீர்கள். அதேபோல் ஒரு வரி முழுதும் நினைவில்லாதபோது சொந்தமாக ஒரு வரி எழுதிச் சேர்ப்பதும் வீண். நேரம் போகும், எண்ணிக்கை மிஞ்சினால் பிழையும் ஏறும்.

ஊகம் என்பது கண்ணை மூடிக்கொண்டு அடிப்பது இல்லை. நோட்டில் இருக்கும் கோடு எந்தெந்தச் சொல்லாக இருக்க முடியும் என்று தெரிந்து, அதில் பொருளுக்குப் பொருந்துவதை எடுப்பது. பிட்மனில் பேசும் வேகத்துக்கு எழுதும்போது உயிரொலிக் குறிகளை விட்டுவிடுகிறோம், மெய்யொலிகளின் எலும்புக்கூடுதான் நோட்டில் நிற்கிறது. நோட்டின் வரிக்கோட்டுக்கு மேலே, அதன் மீது, அதை ஊடுருவி என்று அவுட்லைன் நிற்கும் இடத்தை வைத்துத்தான் உயிரொலியை ஊகிக்கிறோம். உங்கள் நோட்டில் எல்லாம் வரிக்கோட்டின் மீதே உட்கார்ந்திருக்கிறது. நோட்டைப் படிக்க முடியவில்லை என்கிறீர்களே, அதற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் பேனா. நீங்கள் ஜெல் பேனாவில் எழுதியிருப்பது படத்தில் தெரிகிறது. பிட்மனில் மெல்லிய கோடும் அழுத்திய கோடும் வெவ்வேறு ஒலிகள். நிலக்கரியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் இலக்கைக் குறிக்கும் சொல்லுக்கும் உருவமும் ஒன்று, நிற்கும் இடமும் ஒன்று. முதல் கோடு மெல்லியதா தடித்ததா என்பது மட்டுமே வேறுபாடு. உங்கள் தாளில் நிலக்கரி உற்பத்தி பற்றிய பத்தியில் இரண்டு இடத்தில் இலக்கு என்று வந்திருப்பது இதனால்தான். மாற்றி அடித்த பதினொன்றில் நான்கு இந்த வகை. ஜெல் பேனா எவ்வளவு அழுத்தினாலும் ஒரே தடிமனில்தான் எழுதும். மென்மையான பென்சிலுக்கு மாறுங்கள், நான்கைந்து சீவி வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே மாறினால் தேர்வு நாளில் கை பழகியிருக்கும், கடைசி வாரத்தில் மாறாதீர்கள்.

ஐந்தாம் நிமிடத்தில் என்ன நடந்தது என்பதும் நோட்டில் இருக்கிறது. லட்சத்திலும் கோடியிலும் ஒரு தொகை வந்திருக்கிறது, அதை நீங்கள் சுழியங்களோடு முழு எண்ணாக எழுதியிருக்கிறீர்கள். அதை எழுதி முடிப்பதற்குள் வாசிப்பவர் ஒரு வாக்கியம் தாண்டிவிட்டார். முதல் இலக்கங்களை மட்டும் எண்ணில் எழுதி, லட்சத்துக்கு 'எல்' கோடு, கோடிக்கு 'கேஆர்' கோடு போட்டிருந்தால் மூன்று அசைவில் முடிந்திருக்கும். அதைவிட முக்கியமான தவறு அதன்பிறகு செய்தது. பின்தங்கியதும் விட்டதைப் பிடிக்க முயன்று, நினைவிலிருந்து எழுதிக்கொண்டே போயிருக்கிறீர்கள். பின்தங்கினால் அந்த இடத்தை விட்டுவிட்டு, இப்போது காதில் விழும் சொல்லிலிருந்து எழுத வேண்டும். நாலைந்து சொல்லோடு இழப்பு நிற்கும். விட்ட இடத்தில் ஒரு சிறு வட்டக்குறி போட்டு அரை வரி வெறுமையாக விடுங்கள். அடிக்கும்போது அங்கே சொல் விடுபட்டிருக்கிறது என்பது தெரியும், ஊகிக்கவும் வழி கிடைக்கும். எட்டாம் நிமிடத்து வெற்றிடம் பக்கம் திருப்பும் இடத்தில் வந்திருக்கிறது. பக்கத்தின் கடைசி மூன்று வரிக்கு வரும்போதே இடது கையால் தாளின் கீழ் முனையைத் தூக்கி வைத்துப் பழகினால் அது சரியாகிவிடும்.

50 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது? நான் சொல்லித்தரும் முறை இது. முதல் 8 நிமிடம் விசைப்பலகையைத் தொடாதீர்கள். நோட்டை முழுதும் படித்து, ஐயமான இடங்களில் பென்சிலால் சொல்லை எழுதிவையுங்கள். வாசிப்பு முடிந்ததும் காதில் ஒலி இன்னும் இருக்கும், அந்த நினைவு அடிக்கத் தொடங்கினால் கலைந்துவிடும். அடுத்த 27 நிமிடம் அடிப்பது. நிமிடத்துக்கு 30 சொல் என்ற நிதானமே போதும், உங்களுக்கு அது மிக மெதுவாகத் தோன்றும், தோன்றட்டும். கடைசி 15 நிமிடம் சரிபார்ப்பு. இதை ஒரே மூச்சில் செய்யாமல் இரண்டாகச் செய்யுங்கள். முதல் சுற்றில் நோட்டையும் திரையையும் அவுட்லைன் அவுட்லைனாக ஒப்பிட்டு, உதிர்ந்த சின்னச் சொற்களை மட்டும் தேடுங்கள். இரண்டாம் சுற்றில் நோட்டைப் பார்க்காமல் திரையை மட்டும் படித்து, எழுவாயும் வினையும் பொருந்துகின்றனவா, வாக்கியம் பெரிய எழுத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். வீட்டில் பயிற்சி செய்யும்போது எழுத்துப்பிழையைச் சிவப்புக் கோடிட்டுக் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். உங்கள் அலுவலகக் கணினி தானாகத் திருத்திக் கொடுத்துக் கொடுத்தே அந்த எட்டு எழுத்துப்பிழையும் பழகியிருக்கின்றன என்று நினைக்கிறேன்.

நீங்கள் சிங்கப்பூரில் இருப்பதால் டிக்டேஷன் கொடுக்க ஆள் கிடைப்பது கடினம்தான். அறைத் தோழி ஒருவர் ஆங்கிலம் வாசிப்பார் என்றால் போதும், ஷார்ட்ஹேண்ட் தெரிய வேண்டியதில்லை. பத்தியில் 20 சொல்லுக்கு ஒரு கோடு போட்டுக் கொடுங்கள். கைபேசியில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு 15 வினாடிக்கு ஒரு கோடு என்ற கணக்கில் வாசித்தால் சரியாக 80 வேகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பத்துப் பத்தியை அவர் குரலில் பதிவு செய்துவிட்டால் பல வாரத்துக்கு வரும். இங்கே அலுவலகத்தில் நாள் முழுதும் உங்கள் காதில் விழுவது சிங்கப்பூர் ஆங்கிலம். அங்கே வாசிக்கப்போவது இந்திய உச்சரிப்பில், அரசு உரைநடையில். ஆகவே பத்திகளை இந்திய நிதியமைச்சரின் பட்ஜெட் உரைகள், குடியரசுத் தலைவர் நாடாளுமன்றத்தில் ஆற்றும் உரைகள் ஆகியவற்றிலிருந்து எடுங்கள். இணையத்தில் முழுதாகக் கிடைக்கின்றன. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் தொடர்களுக்கு ஃப்ரேஸ் எழுதிப் பழகினாலே கைக்கு நிறைய ஓய்வு கிடைக்கும்.

படிப்பதற்கான பயிற்சியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இன்று மாலை எழுதிய நோட்டை இன்றே அடிக்காதீர்கள், நாளை மாலை அடியுங்கள். காதில் நினைவு இல்லாமல் கோட்டை மட்டும் நம்பிப் படிக்க வேண்டியிருக்கும், தேர்வைவிடக் கடினம். நாளைக்குப் படிக்க முடியாத அவுட்லைன் எதுவோ அதுதான் நீங்கள் தவறாக எழுதும் அவுட்லைன். அவற்றை ஒரு பக்கத்தில் சேர்த்து வாருங்கள். ஜூரோங்கிலிருந்து ஊபிக்கு ரயிலில் நீண்ட பயணம். அந்த நேரத்தில் எழுத முடியாது, பழைய நோட்டுகளைப் படிக்க முடியும். மனதுக்குள் படித்துக்கொண்டு போங்கள், தடுக்கும் இடத்தில் குறியிடுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. தமிழ்நாட்டு அரசுத் தேர்வுகளின் நடைமுறை இதற்கு நேர்மாறு. டிஎன்பிஎஸ்சி குரூப் 4-இல் தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பதவிகளுக்கு ஆணையம் தானாக ஒரு டைப்பிங் டெஸ்ட் வைப்பதில்லை. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வுகளில் பெற்ற சான்றிதழைக் கேட்கிறது, எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணில் தேர்ந்தெடுக்கிறது. எஸ்எஸ்சி-யோ சான்றிதழைக் கேட்பதில்லை. பிளஸ் டூ தகுதி இருந்தால் விண்ணப்பிக்கலாம், கைத்திறனை நேரில் சோதித்துக்கொள்கிறது. ஆகவே உங்கள் ஜூனியர் சான்றிதழ் இந்தத் தேர்வில் பயன்படாது, பத்திரமாக வைத்திருங்கள், டிஎன்பிஎஸ்சி பக்கம் போனால் தேவைப்படும். மொழியிலும் வேறுபாடு உண்டு. எஸ்எஸ்சி ஸ்டெனோவில் ஆங்கிலம் அல்லது இந்தி மட்டுமே, தமிழ் இல்லை. விண்ணப்பத்தில் எந்த மொழியைக் குறித்தீர்களோ அதில்தான் எழுத வேண்டும். உங்கள் விண்ணப்பப் படியை எடுத்து ஆங்கிலம் என்று இருக்கிறதா என ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பயண ஏற்பாட்டில் இரண்டே விஷயம். சிங்கப்பூரில் மையம் கிடையாது, இந்தியாவுக்குப் போய்த்தான் எழுத வேண்டும். அனுமதிச் சீட்டு தேர்வுக்குச் சில நாள் முன்னால்தான் வரும், அது வந்தபிறகு விடுப்புக் கேட்டால் மேலாளர் முகம் சுளிப்பார். தேர்வுத் தேதியை ஆணையம் அறிவித்தவுடனேயே விடுப்பைச் சொல்லி வைத்துவிடுங்கள். அடையாள ஆவணமாக மூலக் கடவுச்சீட்டை எடுத்துப் போகலாம், அதில் உள்ள பிறந்த தேதி விண்ணப்பத்தில் உள்ளதோடு பொருந்த வேண்டும். தேர்வுக்கு முந்தைய இரவு விமானத்தில் போய் இறங்கி நேரே மையத்துக்குச் செல்லும் திட்டம் வேண்டாம். 10 நிமிடம் ஒரு சொல்லும் தவறாமல் கேட்க வேண்டிய தேர்வு இது, தூக்கமில்லாத காது அதற்கு உதவாது. இன்னொரு சின்ன விஷயம், மடிக்கணினியின் தட்டையான விசைகளில் பழகிய கைக்கு மையத்தில் இருக்கும் மேசைக் கணினி விசைப்பலகை கனமாக இருக்கும். சிம் லிம் ஸ்குவேரில் விலை குறைந்த வெளி விசைப்பலகை ஒன்று வாங்கி இப்போதிருந்தே அதில் அடியுங்கள்.

அடுத்த மூன்று தாளையும் நீங்களே திருத்துங்கள். பக்கத்தை இரண்டாகப் பிரித்து, நோட்டில் இல்லாததால் வந்த பிழையை இடப்பக்கமும், நோட்டில் இருந்தும் தாளில் வராத பிழையை வலப்பக்கமும் குறியுங்கள். வலப்பக்கம் பத்துக்குக் கீழே வந்தபிறகும் மொத்தம் 56-ஐத் தாண்டினால் எனக்கு எழுதுங்கள். அப்போது வேகத்தைப் பற்றிப் பேசுவோம்.